பயனடைவா, பயனீட்டலா, பயன் கைகூடலா?

செல்வி:
குழுவினருக்கு வணக்கம். திட்ட மேலாண்மைப் பாடத்துக்குப் பருவக் கட்டுரையைத் தமிழில் எழுதுகிறேன். ஒரு திட்டம் வென்றதா என்பதைக் காலம், செலவு, செயல்வரம்பு மூன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பது என் வாதம். முடித்த வேலையால் எதிர்பார்த்த நன்மை உண்மையில் வந்ததா என்று பார்ப்பதை ‘பெனிஃபிட்ஸ் ரியலைசேஷன்’ என்கிறார்கள். ‘பயனடைவு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா? நல்ல எடுத்துக்காட்டும் வேண்டும்.

முருகேசன்:
அரசாணைகளில் ‘பணப்பலன்கள்’, ‘ஓய்வூதியப் பலன்கள்’ என்றுதான் வரும். அதையே போடலாமே. (எனக்கு வரவேண்டிய பலன் இன்னும் வந்தபாடில்லை, அது வேறு கதை.)

சிவகுமாரன்:
ஐயா, தங்கச்சி கேட்பது சம்பளச் சலுகை பற்றி இல்லை. ஆனால் ‘அடைவு’ வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அடைவு வைப்பது என்றால் நகையை அடகு வைப்பது. ‘பயனீட்டல்’ எப்படி?

தேவி:
மலேசியாவில் ‘பயனீட்டாளர்’ என்றால் நுகர்வோர். சங்கமே இருக்கிறது. பயனீட்டல் என்றதும் எங்களுக்கு விலைவாசிதான் நினைவுக்கு வரும்.

ரமேஷ்:
சொல்லை விடுங்கள், எடுத்துக்காட்டு நான் தருகிறேன். சிட்னி ஆப்பரா ஹவுஸ். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி 10.2 கோடியில் முடிந்தது. 1963-இல் முடியவேண்டியது 1973-இல்தான் திறந்தார்கள். இன்று அது அந்த நாட்டின் அடையாளம். காலமும் செலவும் பொருட்டே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கதிரவன்:
ரமேஷ் சொல்வதில் பாதி சரி. ஆனால் அங்கே முதலில் எண்ணிய பயன் என்ன? பெரிய அரங்கில் ஆப்பரா நடத்துவது. கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த அரங்கை இசைக் கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றிவிட்டு, ஆப்பராவைச் சிறிய அரங்குக்குத் தள்ளினார்கள். அங்கே இசைக்குழு உட்காரும் பள்ளம் நெருக்கடியானது. சுற்றுலாப் பயணிகள் குவிந்தது எதிர்பாராமல் வந்த நன்மை. அதைக் காட்டி ‘திட்டமிட்ட பயன் வந்துவிட்டது’ என்று எழுதினால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைக்கவும் வேண்டும்.

செல்வி, ஸ்டாக்ஹோமின் நெரிசல் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் நுழையும், வெளியேறும் 18 இடங்களில் கேமரா வைத்து, 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனையாகக் கட்டணம் வசூலித்தார்கள். வழக்கமான மூன்று அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் கேமராக்கள் குறித்த நாளில் இயங்கின, முடிந்தது கதை. ஆனால் கேமரா வெறும் ஆக்கம். எல்லையைக் கடக்கும் கார்கள் குறைவது விளைவு. மக்கள் நெரிசலில் நிற்கும் நேரம் மிச்சமாவதுதான் பயன். இந்த மூன்றையும் பிரித்து எழுதினாலே கட்டுரைக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

போக்குவரத்தை 10 முதல் 15 விழுக்காடு குறைப்பது என்று இலக்கை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். உண்மையில் 20 விழுக்காட்டுக்கும் மேலாகவே போக்குவரத்து குறைந்துவிட்டது. சரி, அது கட்டணத்தால்தான் என்று எப்படிச் சொல்வது? கூடுதல் பேருந்துகளும் விட்டிருந்தார்களே! நல்ல வேளையாகப் பேருந்துகள் 2005 ஆகஸ்டிலேயே ஓடத் தொடங்கின. அந்த இலையுதிர் காலம் முழுக்கக் கார்கள் சொல்லும்படி குறையவில்லை. ஜனவரியில் கட்டணம் வந்ததும் சட்டென்று குறைந்தன. ஜூலையோடு கட்டணத்தை நிறுத்தியதும் மறுபடி ஏறின, பழைய அளவை முழுதாக எட்டாவிட்டாலும். 2007 ஆகஸ்டில் கட்டணத்தை நிரந்தரமாக்கினார்கள். தொடங்குமுன் எடுத்த அளவீடு, ஒவ்வொன்றாக அறிமுகம், திரும்பப் பெற்றபின் மறு அளவீடு என்று இவ்வளவு சுத்தமாக அமையும் திட்டம் அரிது.

ஃபாத்திமா:
தொடங்குமுன் அளவீடு என்றதும் எங்கள் கதை நினைவுக்கு வருகிறது. ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் மென்பொருள் செய்து கொடுத்தோம். நாள் தவறவில்லை, பட்ஜெட்டும் தாண்டவில்லை. ஆறு மாதம் கழித்து, ‘நோயாளிகள் காத்திருக்கும் நேரம் குறைந்ததா?’ என்று நிர்வாகம் கேட்டது. முன்பு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. டோக்கன் தரும் மேசைக்கு முன்னாலேயே புது வரிசை ஒன்று முளைத்திருந்தது, அது எந்த அறிக்கையிலும் இல்லை. எங்கள் குழுவும் அதற்குள் கலைந்துவிட்டது. யாரைக் கேட்பது?

கதிரவன்:
அதனால்தான் ஒவ்வொரு பயனுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரை முதலிலேயே எழுதச் சொல்கிறார்கள். அவர் திட்டக் குழுவில் இருக்கக்கூடாது, அங்கேயே தொடர்ந்து வேலை பார்ப்பவராக இருக்கவேண்டும். உங்கள் இடத்தில் புறநோயாளிப் பிரிவின் தலைமைச் செவிலியர் பொருத்தம். புது வரிசை போன்ற கேடுகளையும் அதே பட்டியலில் எழுதவேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘காரியம் கைகூடியதா?’ என்று பேச்சிலேயே கேட்கிறோம். ‘பயன் கைகூடல்’ என்று வைத்தால் என்ன?

சிவகுமாரன்:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கைகூடுவது தானாக நடப்பது. இங்கே ஒருவர் பொறுப்பேற்று நடத்துகிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். ‘பயன் கைகூடல் மேலாண்மை’ என்றால் தானாக வருவதை மேலாண்மை செய்வது போல் இருக்கிறதே. நான் இன்னும் பயனீட்டல் பக்கம்தான்.

செல்வி:
கட்டுரையில் இப்போதைக்குப் ‘பயன் கைகூடல்’ என்று போட்டு, அடிக்குறிப்பில் ‘பயனீட்டல்’ என்றும் சொல்வர் என்று எழுதுகிறேன். ஸ்டாக்ஹோமையே எடுக்கிறேன். கதிரவன் ஐயா, ஒரு சந்தேகம்: கட்டணம் கட்ட முடியாமல் காரை விட்டவருக்கு ஏற்பட்ட சிரமத்தைக் கேடு என்று எழுதுவதா, அல்லது அதுவும் எதிர்பார்த்த விளைவுதானா?