2015 கலண்டர் 2026க்குப் பொருந்துது, 2080க்குத்தான் சிக்கல்

கிளிநொச்சியில அம்மம்மாவின்ர அலுமாரிக்குள்ள 2015 கலண்டர் ஒண்டு கிடந்தது. 2026க்குத் திகதியும் கிழமையும் அப்படியே பொருந்துது. போயா நாள் மட்டும் ஒத்துவராது, அது நிலாக் கணக்கு.

365 நாள் எண்டால் 52 கிழமையும் ஒரு நாளும். அதால வருசத்துக்கு ஒரு நாள் தள்ளும், இடையில பெப்ரவரி 29 வந்தால் இன்னொண்டு. கூட்டுத்தொகை ஏழால பிரிபட்டால் பழைய கலண்டர் திரும்பும். 2009இலிருந்து 2015க்கு 6+1=7. 2015இலிருந்து 2026க்கு 11+3=14. லீப் வருசத்துக்கு லீப் வருசம்தான் சோடி, அதால 28 வருசம் காத்திருக்கோணும்: 28+7=35.

ஆனா 2100 லீப் இல்லையே! 2080க்கு 28 கூட்டினால் 28+6=34, பொருந்தேல்ல. எனக்கு 2120தான் வருது, அதாவது 40 வருசம் (40+9=49). கணக்குத் தெரிஞ்ச ஆராவது ஒருக்காச் சரிபார்த்துச் சொல்லுங்கோ.