15 ரூபாய் கொடுத்துப் பாட்டு வாங்குறவன் ஏமாளியா?

ஹைரெஸ்_கண்ணன்:
ஐட்யூன்ஸ்ல இன்னும் ஒரு பாட்டுக்கு 15 ரூபாய் கொடுக்குறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. வாங்கினா கிடைக்கிறது 256 kbps-க்கு நசுக்கின ஏஏசி ஃபைல். ஆப்பிள் மியூசிக்ல சந்தா கட்டுறவனுக்கு அதே பாட்டு எதையும் இழக்காத லாஸ்லெஸ்ல வருது. 'சொந்தம்'னு பெருமை வேற. அதுவும் பொய். கலிஃபோர்னியாவுல சட்டமே வந்தாச்சு, இதை வாங்குறதுன்னு சொல்லக்கூடாது, வெறும் உரிமம்தான்னு.

பிட்ரேட்_பெருமாள்:
சட்டத்தைத் தலைப்போட நிறுத்திட்டீங்க போல. ஏபி 2426, 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கு. கடைக்காரன் பின்னாடி பறிச்சுக்கக்கூடிய சரக்கை 'வாங்கு'ன்னு போட்டு வித்தா, இது உரிமம்தான்னு தெளிவாச் சொல்லணும். அதே சட்டத்துல விலக்கும் இருக்கு. வெளி டிஸ்க்ல இறக்கி வெச்சு, இணையமே இல்லாமப் பயன்படுத்தக்கூடிய, விற்றவனே திரும்ப எடுக்க முடியாத ஃபைலுக்கு அது பொருந்தாது. ஐட்யூன்ஸ் பாட்டு அந்த ரகம். காப்பி எடுக்க விடாத டிஆர்எம் பூட்டை 2009-லயே எடுத்துட்டாங்க.

சந்தேகம்னா கம்ப்யூட்டர்ல மியூசிக் ஆப்பைத் திறங்க. பாட்டு மேல வலது க்ளிக், Get Info, File தாவல். kind வரியில "Purchased AAC audio file" இருந்தா .m4a, ஏஏசி படிக்கிற எந்த ப்ளேயர்லயும் ஓடும். "Apple Music AAC audio file" இருந்தா அது சந்தாவுல இறக்கின .m4p. சந்தா நின்ன அன்னைக்கே ஊமை. "Protected AAC audio file"னு இருந்தா 2009-க்கு முந்தின பூட்டுப் போட்ட பாட்டு.

நிறைய பேர் தப்புப் பண்றது இங்கதான். சந்தாவுல இறக்கின பிரதி ஏற்கெனவே கிடக்கும். அதையே வாங்கினதுன்னு நினைச்சு ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுத்து வெச்சிருப்பாங்க. பேக்கப் எடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் பாருங்க.

ஹைரெஸ்_கண்ணன்:
இவ்வளவு எழுதினீங்க. 256 தானே?

மீனா_ட்ரிச்சி:
கணக்கைப் பேசுவோமா? சந்தா மாசம் நூறு ரூபாய்னு வெச்சா வருஷம் 1200. அந்தக் காசுக்கு 80 பாட்டு வாங்கலாம். வாரம் ரெண்டு புதுப் படத்தோட பாட்டெல்லாம் கேக்குறவங்களுக்கு 80 பாட்டு எத்தனை நாள் தாங்கும்? ரெண்டு மாசம் தாண்டாது. பெருமாள் சார் மாதிரி அதே 200 பாட்டையே ஆயுசுக்கும் கேக்குறவங்க வேணா வாங்கிக்கட்டும்.

பிட்ரேட்_பெருமாள்:
நக்கலை விட்டுட்டுப் பார்த்தா உங்க கணக்கு எனக்குத்தான் சாதகம். 200 பாட்டு 3000 ரூபாய். ரெண்டரை வருஷச் சந்தா. அதுக்கப்புறம் செலவே இல்லை. நீங்க பத்து வருஷம் கட்டி 12,000 கொடுத்துட்டு நிறுத்தினா கையில என்ன மிஞ்சும்? ப்ளேலிஸ்ட் பேரு மட்டும்.

நீங்க கட்டுற காலத்துலயே பாட்டு காணாமப் போகும். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கோட ஒப்பந்தம் அறுந்து, ஸ்பாட்டிஃபையில அவங்க பாட்டெல்லாம் மறைஞ்சது. சந்தா கட்டினவனுக்கும் அதே கதிதான். ஆஃப்லைன்ல இறக்கி வெச்சிருக்கேன்னு தெம்பா இருக்காதீங்க. அங்க 30 நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்துல தலை காட்டணும், இல்லைன்னா இறக்கினதும் போகும்.

ஹைரெஸ்_கண்ணன்:
மறைஞ்சது, அறுந்தது, எல்லாம் சரி. ஃபைல் 256. அதுக்குப் பதிலே வரலை.

பிட்ரேட்_பெருமாள்:
பதில் வேணுமா? உங்ககிட்ட இருக்கிற சிடியிலிருந்து ஒரு பாட்டை லாஸ்லெஸ்ஸா எடுங்க. அதையே 256 ஏஏசியா மாத்துங்க. விண்டோஸ்ல foobar2000 போட்டு, ABX Comparator சேர்த்து, ரெண்டையும் குடுங்க. எது எதுன்னு காட்டாம அது 16 தடவை கேக்கும். 12 அல்லது அதுக்கு மேல சரியாச் சொன்னா உங்க காதுக்கு வித்தியாசம் தெரியுதுன்னு ஒத்துக்கிறேன். எட்டு ஒன்பது வந்தா காசு சுண்டிப் போட்டதுக்குச் சமம். ரெண்டு ஃபைலோட ஒலி அளவும் ஒண்ணா இருக்கணும், சத்தம் கொஞ்சம் கூடினதை 'நல்லாருக்கு'ன்னு காது நம்பிடும்.

அப்புறம், லாஸ்லெஸ் கேக்குறது எதுல? ப்ளூடூத் ஹெட்செட்லயா? ஐஃபோன்ல இருந்து போற வழியில அது திரும்ப ஏஏசியா நசுங்கித்தான் காதுக்கு வருது.

ஹைரெஸ்_கண்ணன்:
என் ஃபோன் ஆண்ட்ராய்டு. ப்ளூடூத்துக்கு எல்டாக் இருக்கு, 990 kbps. உங்க பரீட்சை எல்லாம் காது இல்லாதவங்களுக்கு.

பிட்ரேட்_பெருமாள்:
எல்டாக் 990-லயும் இழப்பு உண்டு. சிடியே 1411. லாஸ்லெஸ்னு பேர் வெச்சுக்கிட்டு கடைசிப் படியில இழக்குறதுக்கு இவ்வளவு வீம்பா! போன மாசம் எம்பி3-ஐ ஃப்ளாக்கா மாத்தி 'தரம் கூடிடுச்சு'ன்னு போட்டது நீங்கதானே?

ஹைரெஸ்_கண்ணன்:
அதை ஏன் இங்க இழுக்கறீங்க? அது வேற விஷயம். ஃபைலோட அளவு கூடினது உண்மைதானே.

கார்த்தி_கார்:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு கேக்கலாமா? வாங்கின பாட்டை பென்ட்ரைவ்ல போட்டேன், பழைய கார் ஸ்டீரியோ 'நோ ஃபைல்'னு காட்டுது. இதுவும் பூட்டுதானா?

பிட்ரேட்_பெருமாள்:
பூட்டு இல்லைங்க. பழைய ஸ்டீரியோ பலதும் எம்பி3, டபிள்யூஎம்ஏ ரெண்டைத்தான் படிக்கும், .m4a அதுக்குத் தெரியாது. மேக்ல மியூசிக் ஆப்பில் Settings, Files, Import Settings போய் MP3 Encoder தேர்ந்தெடுத்து பிட்ரேட்டைக் கூட்டி வைங்க. பிறகு பாட்டைத் தேர்ந்து File, Convert, Create MP3 Version. மூல .m4a-வை அழிச்சிடாதீங்க, இது காருக்கான பிரதி மட்டும். ரெண்டாம் தடவை நசுக்குறதால தரம் கொஞ்சம் குறையும், கார் இரைச்சல்ல தெரியாது. பென்ட்ரைவ் ஃபேட்32-ல இருக்கணும், எக்ஸ்ஃபேட்டை அந்தக் காலத்து ஸ்டீரியோ கண்டுக்காது.

இதே வேலையை .m4p-ல செஞ்சு பாருங்க. மாத்த முடியாதுன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லும். உரிமை யார்கிட்ட இருக்குன்னு அங்க தெரிஞ்சிடும்.

மீனா_ட்ரிச்சி:
உரிமையாம். அந்த உரிமையை வித்துக் காட்டுங்க பார்ப்போம். பழைய பாட்டு ஃபைலை விக்க ரீடிஜின்னு ஒரு கம்பெனி கிளம்பிச்சு. கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் வழக்குப் போட்டது. 2018 டிசம்பர்ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாதுன்னு சொல்லிட்டது. ஃபைலை அனுப்பினாலே புதுப் பிரதி உண்டாகுதாம். சிடியை விக்கலாம், இதை விக்க முடியாது. அப்ப எங்க சொந்தம்?

பிட்ரேட்_பெருமாள்:
விக்க முடியாதது வேற, பிடுங்க முடியாதது வேற. நான் ரெண்டாவதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.

மீனா_ட்ரிச்சி:
பிடுங்கலையா? வாங்கினதையே கம்பெனி கடையிலிருந்து எடுத்துட்டா, ஃபோன் மாத்தும்போது திரும்ப இறக்க முடியாது. அது என்ன?

பிட்ரேட்_பெருமாள்:
அதனாலதான் வாங்கின அன்னைக்கே கம்ப்யூட்டர்ல இறக்கி ரெண்டு இடத்துல வைக்கச் சொல்றேன். ஐஃபோன்ல மட்டும் வாங்கி அங்கேயே விட்டா ஃபைலைக் கையில எடுக்குறது சுலபமில்லை. ஃப்ளிப்கார்ட்டோட ஃப்ளைட் பாட்டுக் கடை 2013-ல மூடினப்ப, அவகாசம் கொடுத்தாங்க, இறக்கி வெச்சவன் இன்னைக்கும் அந்த எம்பி3-ஐக் கேக்குறான். இறக்காதவன் கடையைத் திட்டுறான்.

தகரடப்பா:
எல்லாரும் சொந்தம் சொந்தம்னு. அந்த ஃபைலுக்குள்ள உங்க பேரும் ஆப்பிள் கணக்கு மின்னஞ்சலும் எழுதியிருக்கும், தெரியுமா? நண்பனுக்கு அனுப்பினா உங்க முகவரியோட ஊர் சுத்தும்.

பிட்ரேட்_பெருமாள்:
தெரியும். Get Info-லயே வாங்கினவர் பேர் தெரியும். எம்பி3-ஆ மாத்தினா அந்தப் பேரு பிரதியில வராது. ஆனா நண்பனுக்கு அனுப்புறதை யார் இங்க பேசினா?

தகரடப்பா:
நீங்கதானே சொந்தம்னீங்க. சொந்தம்னா குடுக்கலாம்ல?

ஹைரெஸ்_கண்ணன்:
குடுத்தாலும் 256-தான் போகும்.

பிட்ரேட்_பெருமாள்:
12/16 எங்க?

கார்த்தி_கார்:
ஸ்டீரியோ இப்போ படிக்குது. பாட்டு வரிசை மட்டும் குழப்பமா வருது.

பிட்ரேட்_பெருமாள்:
பென்ட்ரைவ்ல எந்த வரிசையில எழுதினீங்களோ அதே வரிசையில பாடும் சில ஸ்டீரியோ. பேருக்கு முன்னால 01, 02 போட்டு, ஃபோல்டரைக் காலி பண்ணிட்டு ஒவ்வொண்ணா அதே வரிசையில காப்பி பண்ணுங்க.

மீனா_ட்ரிச்சி:
சந்தான்னா ப்ளே அமுக்கினாப் போதும். இங்க பாட்டுக்கு நம்பர் போட்டுட்டிருக்காங்க.