அப்பாவோட பழைய எஸ்டீமுக்கு வால்வு மூடி சென்சர் மாட்டலாமா?

கோட்டையூர் தம்பி
அப்பாகிட்ட 2004 எஸ்டீம் இருக்கு, டியூப்லெஸ் டயர், மாசத்துல பாதி நாள் ஷெட்லதான் நிக்கும். போன வாரம் திருமயம் பக்கம் கருவேல முள்ளு ஏறி பின் டயர் தட்டையா உக்கார்ற வரைக்கும் அவருக்கு தெரியவே இல்ல. வால்வு மூடிக்கு பதிலா திருகுற சென்சர் நாலும் டேஷ்போர்டுல வைக்க ஒரு டிஸ்ப்ளேயும் செட்டா விக்கிறாங்களே, வாங்கலாமா?

தேவகோட்டை டிரைவர்
யோசிக்காம மாட்டுங்க தம்பி. நான் ரெண்டு வருஷமா மாட்டி ஓட்டுறேன். புதுக்கோட்டை தாண்டி போறப்ப இடது பின் டயர் மட்டும் 31, 30, 29னு இறங்கிக்கிட்டே வந்துச்சு, ஓரங்கட்டி பாத்தா முள்ளு ஒடிஞ்சு உள்ளயே நிக்குது. வண்டி ஓட்டுறதுல ஒரு வித்தியாசமும் தெரியல, அந்த டப்பா இல்லன்னா திருச்சி போறதுக்குள்ள டயர் சைடு கிழிஞ்சு பஞ்சரே போட முடியாம போயிருக்கும்.

பழைய வால்வு
டிரைவர் அண்ணே சொல்றது நெசந்தான், முள்ளு பஞ்சர் மாதிரி மெதுவா இறங்குறதுக்கு இது நல்ல சாமான். ஆனா காரைக்குடியில இருபது வருஷமா டயர் வேலை பாக்குறவன்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன், 2004 வண்டியில அப்படியே கொண்டுபோய் திருகிறாதீங்க. சாதா மூடி போட்டா வால்வுக்குள்ள இருக்க ஊசி தானா மூடிக்கிட்டு காத்தை அடைச்சு நிக்கும், மூடி சும்மா தூசிக்குத்தான். சென்சர் அப்படி இல்ல, அது காத்தை அளக்கணும்னா ஊசியை அமுக்கி திறந்தே வச்சிருக்கணும். அப்ப டயர் காத்து மொத்தத்தையும் தாங்குறது சென்சருக்குள்ள இருக்க துணுக்கு ரப்பர் வாஷர் ஒண்ணுதான், அதுல மணல் ஒட்டிக்கிட்டாலோ வெயில்ல காஞ்சு போனாலோ பஞ்சரை சொல்ல வந்ததே பஞ்சராயிரும்.

தேவகோட்டை டிரைவர்
நமக்கு ரெண்டு வருஷத்துல ஒருநாளும் அப்படி ஒழுகல. கடைக்காரங்களுக்கு கஸ்டமர் தானா ப்ரஷர் பாத்துட்டா பொழப்பு போயிரும்னு பயம் 😄

பழைய வால்வு
அண்ணே காத்து பாக்க நாங்க வாங்குறதே பத்து ரூவா, அதுல என்ன பொழப்பு. என்கிட்ட வந்த ஒரு வண்டியவே சொல்றேன். சென்சர் மாட்டுன மறுநாள்லேர்ந்து முன் வலது டயர் மட்டும் ராத்திரிக்கு ரெண்டு பிஎஸ்ஐ இறங்குது, அவர் ரெண்டு கடையில டயரை தண்ணித் தொட்டியில போட்டு பாத்துட்டாரு, காத்துக் குமிழியே வரலன்னாங்க. ஏன் வரல? ரெண்டு கடையிலயும் சென்சரை கழட்டி வச்சுட்டுதான் டயரை முக்கியிருக்காங்க. நான் சென்சரோட வச்சு சோப்பு தண்ணி தடவுனேன், திருகுற இடத்துல மெதுவா நுரை பொங்குது. கழட்டிட்டு தடவுனா ஒண்ணுமில்ல. வாஷரை மாத்துனேன், நின்னுருச்சு.

நைட்ரஜன் நண்பன்
இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பேச்சு, நைட்ரஜன் அடிங்க. சூட்டுல ப்ரஷர் ஏறவே ஏறாது, காத்தும் இறங்காது, சென்சரே தேவையில்ல.

பழைய வால்வு
கொஞ்சம் மெதுவா இறங்கும், ஈரமும் இருக்காது, அதுவரைக்கும் சரி. ஆனா சூடானா நைட்ரஜனும் சாதா காத்து மாதிரியேதான் ஏறும், சாதா காத்துலயே முக்காவாசிக்கு மேல நைட்ரஜன்தானே. முள்ளு குத்துனா அதுவும் வெளியதான் போகும்.

பள்ளத்தூர் அம்பாசடர்
எங்க அப்பச்சி காலத்து அம்பாசடர் இன்னும் ஓடுது, டியூப் டயர்தான். போன வருஷம் பள்ளத்துல விழுந்து டப்புனு வெடிச்சுச்சு. சென்சர் போட்டா வெடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருமா?

தேவகோட்டை டிரைவர்
பள்ளத்துல விழுந்து வெடிக்கிறத யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது தம்பி. வெடிச்சப்புறம் டப்பா கத்தும், அதுக்கு முன்னாடி உங்களுக்கே கேட்டுருக்கும். தம்பி கேட்டது டியூப்லெஸ்.

பழைய வால்வு
இன்னொண்ணு, சத்தம் வராததை நம்பி ஓட்டுறது. காலையில குளிர்ந்த டயர்ல 30 வைக்கிறீங்க, அலாரம் 24ல கத்துற மாதிரி செட் பண்றீங்க. கத்திரி வெயில்ல ஒரு மணி நேரம் ஓடுனா உள்ள காத்து 30 டிகிரியிலேர்ந்து 55க்கு போகும், டிஸ்ப்ளேல 33, 34னு நிக்கும். இப்ப ஒரு டயர் மட்டும் ஒழுகி குளிர்ந்த கணக்குக்கு 26க்கு வந்துருச்சுன்னு வைங்க, சூட்டுல அது 29னு காட்டும். அலாரம் கத்தாது, பாக்குற உங்களுக்கும் 'முப்பதுக்கு இருபத்தொம்பது, நல்லாத்தானே இருக்கு'ன்னு தோணும். மத்த மூணும் 33ல நிக்கிறப்ப இது ஏன் 29ன்னு பாத்தாதான் பிடிபடும். டிரைவர் அண்ணன் பிடிச்சதும் அலாரத்துல இல்ல, இறங்குறத கண்ணால பாத்துத்தான்.

தேவகோட்டை டிரைவர்
அது சரிதான், அலாரம் கத்தல. ஆனா நான் பாத்தேன்ல. இவர் அப்பாவுக்கு அதை பழக்கிவிட்டா போதுமே.

பழைய வால்வு
பழக்கிவிடுங்க, நல்லது. டெம்பரேச்சரை மட்டும் நம்பாதீங்க, சென்சர் வெளிய காத்துல நிக்குது, உள்ள கொதிச்சாலும் அது குறைச்சுதான் காட்டும். அப்புறம் நின்ன வண்டியில சென்சர் தூங்கிரும், நான் பாத்த செட்டுங்கள்ல சக்கரம் கொஞ்சம் உருண்டாத்தான் புது அளவு வருது, ஷெட்லேர்ந்து எடுத்த உடனே தெரியுறது போன தடவை அளவா இருக்கலாம். ஆனா நான் முதல்ல பயப்படுறது உங்க வால்வு தண்டுக்குத்தான். சென்சர் பத்து கிராம்தான், ஆனா நூறு கிலோமீட்டர் வேகத்துல அது வால்வு நுனியை ஒண்ணரை கிலோவுக்கு மேல தொங்கவிட்ட மாதிரி வெளிய பாத்து இழுக்கும். பழைய ரப்பர் தண்டு அடியில வெடிச்சிருந்தா ஒருநாள் அங்கயே கிழியும், காத்து மொத்தமும் ஒரேயடியா போயிரும். நாலு தண்டையும் விரலால சாச்சு சாச்சு அடியில சோப்பு தண்ணி ஊத்தி பாருங்க.

கோட்டையூர் தம்பி
அண்ணே இன்னிக்கி பாத்தேன். பின் இடது நேரா இருக்கறப்ப ஒண்ணுமில்ல, தண்டை சக்கரத்தோட வெளி விளிம்பு பக்கமா சாச்சா அடியில பொடிப் பொடியா நுரை வருது. மத்த மூணுலயும் நுரை இல்ல, ஆனா ரப்பர்ல மெல்லிசா கோடு கோடா வெடிப்பு தெரியுது. டயர் மாத்துனப்ப கடைக்காரர் வால்வை மாத்தவே இல்ல போல. நாலையும் மாத்தணுமா?

பழைய வால்வு
நாலையும் மாத்துங்க. சென்சர் மாட்டுறதா இருந்தா ரப்பர் வேணாம், ரிம்மோட நட்டு போட்டு இறுக்குற மெட்டல் தண்டு கேளுங்க, ரிம் ஓட்டைக்கு சரியா உக்காருதான்னு கடையிலயே வச்சு பாத்துக்கோங்க. சென்சர் மாட்டுனப்புறம் பேலன்ஸ் போடுங்க. திருடாம இருக்க அடியில போடுற லாக் நட்டை ரொம்ப இறுக்காதீங்க, ரெண்டு மழைக்காலம் போனா உப்பு பூத்து கழட்டவே வராது, அப்புறம் ரோட்டுல காத்து அடிக்கணும்னா ஸ்பேனரோட மல்லுக்கட்டணும்.

தேவகோட்டை டிரைவர்
லாக் நட்டு போடலன்னா கோயில் வாசல்ல விட்டுட்டு சாமி கும்பிட்டு வர்றதுக்குள்ள நாலும் காணாம போயிருமே. எனக்கு ஒண்ணு அப்படித்தான் போச்சு.

பழைய வால்வு
போனா போகட்டும்ணே, அன்னிக்கி ஊசியாவது ஒழுங்கா மூடிக்கும்.

கோட்டையூர் தம்பி
வால்வு நாளைக்கு மாத்துறேன். அப்பா என்னடான்னா 'தினம் காலையில கேஜ் வச்சு பாத்தா போதாதாடா'ங்கிறாரு. அந்த கேஜ் எங்கப்பான்னு கேட்டா, இருந்துச்சுடா, இங்கதான் எங்கயோங்கிறாரு.