சொல் வேண்டும்: ரெஸ்வெரட்ரால்

செழியன்:
உணவியல் சொற்பட்டியலுக்கு 'திராட்சைத்தோலியம்' என்று வைத்திருக்கிறேன். விளக்கம்: 'சிவப்பு வைனில் உள்ள, இதயத்தைக் காக்கும் பொருள்'. சரிதானே?

மாலதி:
ஐயா, தோல் என்பது பாதி சரி. பூஞ்சை தாக்கும்போது திராட்சைத் தோல் இதைச் சுரக்கிறது. சிவப்பு வைன் தோலோடு நொதிப்பதால் அதில் இறங்குகிறது. வெள்ளை வைனுக்குத் தோலை முன்பே நீக்கிவிடுவதால் மிகக் குறைவு. ஆனால் வேர்க்கடலையிலும் இது உண்டு. முதலில் பிரித்தெடுத்ததோ ஜப்பானில், வெராட்ரம் என்ற செடியிலிருந்து. திராட்சையைப் பெயரில் கட்டிப்போட வேண்டாம்.

விளக்கம்தான் பெரிய சிக்கல். சிவப்பு வைனில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருக்கும், வகைக்கு வகை மாறும். 150 மில்லி கோப்பையில் 0.3 மில்லிகிராம். ஆய்வுகளில் மாத்திரையாக 500 மில்லிகிராம்கூடக் கொடுக்கிறார்கள்; அதை வைனில் பெற 250 லிட்டர் வேண்டும்! குடித்தாலும் குடலும் ஈரலும் உடனே உருமாற்றிவிடும். 25 மில்லிகிராம் விழுங்கியவர்களின் ரத்தத்தில் மாறாமல் மிஞ்சியது மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கும் குறைவு. ஆய்வகத்தில் செல்கள்மேல் விடும் அளவு அதைப்போல் பல நூறு மடங்கு.

ராமு:
அப்பாவுக்குப் பைபாஸ் ஆகியிருக்கு. அளவா வைன் குடிக்கிறவங்களுக்கு மாரடைப்பு குறைவுன்னு படிச்சேன். தினம் ஒரு கோப்பை கொடுக்கலாமா?

மாலதி:
மருந்தாக நினைத்துக் கொடுக்க வேண்டாம் தம்பி. மற்றதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் படித்த கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 'குடிக்காதவர்' குழுவில், உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் சாவு அந்தக் குழுவின் கணக்கில் ஏறுவதால், அளவாகக் குடிப்பவர் நலமாகத் தெரிகிறார். வாழ்நாளில் தொடாதவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால் அந்த நன்மை சுருங்குகிறது. 2014இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வு வேறு வழியில் போனது: பிறவியிலேயே மது ஒத்துக்கொள்ளாத மரபணு வகை உடையவர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள், அவர்களுக்கு இதய நோயும் குறைவு. மது காப்பதாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

செழியன்:
'காக்கும்' போகட்டும். 'காப்பதாக நம்பப்படும்'?

மாலதி:
அதுவும் விளம்பரத்துக்குத் தீனி. 'பூஞ்சைக்கு எதிராகச் சில செடிகள் சுரக்கும் ஃபீனால் வகைப் பொருள்' போதும். அது செடியைக் காப்பது உண்மை. பெயர் ரெஸ்வெரட்ரால் என்றே இருக்கட்டும்.

ஜெகன், யாழ்ப்பாணம்:
விளக்கம் நல்லது. ஆனால் நாங்கள் பீனோல் என்றுதான் எழுதுகிறோம், ஆகவே 'ரெசுவெரத்திரோல்'. மாத்திரையாக விற்பதைப் பற்றியும் விளக்கத்தில் ஒரு வரி வேண்டாமா?

செழியன்:
ஆலா, ஓலா என்பதில் சென்ற முறையும் முடிவு எட்டவில்லை. இரண்டையும் போடுகிறேன். மாத்திரை வரியை நீங்களே எழுதி அனுப்புங்கள் ஜெகன்.