புதுப்பிப்பு: அம்மாவின் பழைய சங்கிலிக்குக் கடை போட்ட கழிவு

என் பழைய கேள்வி: "24 கிராம் சங்கிலிக்கு 19.8 கிராமுக்குத்தான் காசு என்கிறார்கள். இவ்வளவு கழிவு நியாயமா?"

கழிவு சரி, அதற்குப் போட்ட விலைதான் தப்பு. பதக்கத்தில் இருந்த கல், அரக்கு 1.2 கிராம். மீதியை என் கண்ணெதிரே உருக்கினார்கள். அழுக்கு எரிந்து 22.5 கிராம் கட்டியானது. அதன் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற அளவு, 88. அந்தக் காலத்துச் சங்கிலி, நிறைய இடத்தில் பற்றவைத்தது, அதனால் நம்பக்கூடியதுதான். 22.5-ல் 88 சதவீதம் 19.8.

சவுகார்பேட்டையில் டச் பார்க்கும் அண்ணன் இங்கே கேட்ட கேள்விதான் கண்ணைத் திறந்தது: "தம்பி, 19.8-க்கு எந்த ரேட் போட்டாங்க?" சீட்டில் 22 காரட் ரேட். ஆனால் 19.8 என்பது செம்பு நீக்கிய சுத்தத் தங்கம். அதற்கு 24 காரட் ரேட் போட வேண்டும். 22 காரட் ரேட்தான் என்றால் 0.916-ஆல் வகுத்து 21.6 கிராமுக்குத் தர வேண்டும். செம்பை இரண்டு தடவை கழித்ததில் 1.8 கிராம் போயிருக்கும்!

916 முத்திரை இருந்தால் கழிவே வராது என்றார் ஒருவர். டச் தகராறு குறையும், அவ்வளவுதான். கல்லும் அரக்கும் கழியும்.

சீட்டைக் காட்டிக் கேட்டதும் மேனேஜர் 21.6-க்கு ஒத்துக்கொண்டார், நகையாக எடுத்தால் மட்டும். பணமாக வேண்டுமானால் இன்னும் 2 சதவீதம் பிடிப்பாராம். ஏன் என்று கேட்டால் "கடை வழக்கம்" என்கிறார். கட்டியை வாங்கி வந்துவிட்டேன். வேறு கடைகளிலும் இப்படிப் பிடிக்கிறார்களா?