200 பேர் அரங்கில் 120 பேருக்கு இடமில்லையாம். ஏமாற்றுகிறார்களா?

குறிஞ்சிப்பூ: அவசரம். நாளைக் காலைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். தொலைபேசியில் 200 பேர் அமரலாம் என்ற ஓட்டல்காரர், நேரில் போனால் 120 பேருக்கே நெருக்கடி என்கிறார். வேறு என்னென்ன கேட்க வேண்டும்?

ஈரோட்டான்: எந்த ஊர்? என்ன நிகழ்ச்சி? மேசை உண்டா?

பழையகணக்கு: மாதம் ஒருவர் இப்படித்தான் பாதி விவரத்தோடு வந்து நிற்கிறார். அரங்கின் நீள அகலம் தெரியாமல் நாங்கள் ஜோசியமா சொல்வது?

குறிஞ்சிப்பூ: கோயம்புத்தூர். ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, ஆறு பேர் கொண்ட குழுக்கள், வட்ட மேசை. அரங்கு 60க்கு 40 அடி.

ஈரோட்டான்: 2400 சதுர அடி. ஆளுக்குப் பத்து என்றால் 240 பேர் தாராளம். பொய் சொல்கிறார்.

மேடைமணி: அது வெறும் நாற்காலிக் கணக்கு, ஐயா. ஓட்டல்கள் சொல்லும் எண்ணிக்கையும் பெரும்பாலும் அதுதான். ஐந்தடி வட்ட மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு, பரிமாறுபவர் நடக்க வழியும் விட்டால் பத்துக்குப் பத்தடி போய்விடும். இருபது மேசைக்கு 2000 சதுர அடி. முன்னால் பத்தடி மேடைக்கும் திரைக்கும் விட்டால் அரங்கு தீர்ந்தது. சாப்பாட்டு மேசை எங்கே வைப்பீர்கள்? நடுவில் தூண் இருந்தால் இதுவும் நடக்காது. அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் தாமதமாக.

செல்லம்மா: எங்கள் பேத்தி வளைகாப்புக்கு இதைவிடச் சின்ன மண்டபத்தில் 300 பேர் சாப்பிட்டார்கள்!

பழையகணக்கு: பந்தி பந்தியாகச் சாப்பிட்டிருப்பார்கள், அம்மா.

ஈரோட்டான்: சாப்பாட்டை வெளியில் சொல்லுங்கள், பாதி விலை.

மேடைமணி: பல ஓட்டல்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியே கிடையாது. இரண்டு தேநீரும் மதியச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அரங்கு வாடகை அதற்குள்ளேயே அடங்கும் இடங்களும் உண்டு. குறைந்தபட்சம் எத்தனை பிளேட் என்பதைத்தான் பேச வேண்டும். 120 என்று எழுதிக்கொடுத்துவிட்டு 95 பேர் வந்தாலும் 120க்குத்தான் பில். நான் 100 என்று எழுதுவேன்.

ஈரோட்டான்: 100 எழுதி 120 பேர் வந்தால் சாம்பாரில் தண்ணீர்தான்.

மேடைமணி: அதனால்தான் கூடுதல் பிளேட் என்ன விலை, எப்போதுவரை சொல்லலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குகிறோம். சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். புரொஜெக்டரைத் திரைச்சீலை மூடாமல் பகலில் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். குழுக்கள் பேச இரண்டாவது கம்பியில்லா மைக் வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள்.

பழையகணக்கு: ஜெனரேட்டர் வாடகையை யாருமே சொல்லவில்லையே. அதுதான் கடைசியில் பில்லில் முளைக்கும்.

ஈரோட்டான்: பெரிய ஓட்டலில் அதெல்லாம் தனியாகக் கேட்கமாட்டார்கள்.

பழையகணக்கு: எத்தனை பில் பார்த்திருக்கிறீர்கள் தம்பி?

குறிஞ்சிப்பூ: பணம் கட்டிவிட்டேன். மேசைக்கு எட்டுப் பேர், 15 மேசை. சாப்பாடு வெளித் தாழ்வாரத்தில். 100 பிளேட்டுக்கு ஒப்புக்கொண்டார். நன்றி.

மேடைமணி: எட்டுப் பேர் என்றால் மேசைக்கு இரண்டு பேராவது திரைக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். ஆறு பேர் என்றால் முன்பக்கத்தைக் காலியாக விடலாம். ஜெனரேட்டர் கேட்டீர்களா?