சாமான் பரப்பிய வளவில் ஒரு மௌன நகைச்சுவை: டைட்டில் கார்டை எங்கே வைப்பது?

காரைக்குடிக்காரர்

எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு முந்திய இரவு உறவினர்களுக்குத் திரையிடுவதற்காக, கானாடுகாத்தானில் உள்ள அவர்களுடைய பழைய வீட்டிலேயே ஊமைப்படப் பாணியில் ஆறு நிமிட நகைச்சுவைப் படம் ஒன்றை எடுத்தோம். கதை, வசனம் என்ற பொறுப்பு என்னிடம் வந்தது. வசனமே இல்லாத படத்துக்கு வசனகர்த்தா செய்ய வேண்டியது என்ன என்பதுதான் நான் இங்கே பகிர விரும்பும் அனுபவம். இதே வகையில் எழுதியவர்களும் நடித்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் மகிழ்வேன்.

கதை மிகச் சிறியது. பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திர பண்டங்களை, வீட்டின் நடு முற்றமான வளவில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஆச்சி தூணோரம் அமர்ந்து கணக்கு நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கிறார். எவர்சில்வர் அடுக்குகளின் உச்சியில் தேன்குழல் டின் ஒன்று இருக்கிறது. பலகாரம் சாப்பிடக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்ட மாமாவின் கண் அதன்மேல் விழுகிறது. அவ்வளவுதான்.

ஒத்திகையில் படித்துக் காட்டிய முதல் வடிவத்தில், மாமா தூணின் பின்னிருந்து தலையை நீட்டியதும் ‘மாமாவுக்குத் தேன்குழல் மேல் ஆசை’ என்று, திரையில் எழுத்து மட்டும் தோன்றும் டைட்டில் கார்டு ஒன்று இருந்தது. கேட்டவர்கள் கார்டுக்குச் சிரித்தார்கள். அதன் பிறகு மாமா செய்த எதற்கும் சிரிக்கவில்லை. கார்டு சொல்லிவிட்டதை உடம்பு மறுபடியும் சொன்னால் பார்ப்பவருக்கு அங்கே கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. எனவே அந்தக் கார்டை எடுத்துவிட்டு, மாமா டின்னைப் பார்ப்பது, ஆச்சியைப் பார்ப்பது, மறுபடி டின்னைப் பார்ப்பது என்று மூன்று பார்வைகளாக மாற்றினோம். ஒவ்வொரு பார்வைக்கும் தலை மட்டும் திரும்பாமல் தோளும் வயிறும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்று எழுதினேன். படமான பகுதியின் எழுத்து வடிவம் இது:

> வளவு, காலை. முகப்பிலிருந்து முழுக் காட்சி. மாமாவின் பாதம் வரை தெரிய வேண்டும்.
> மாமா டின்னைப் பார்க்கிறார். மூக்கு விடைக்கிறது. அப்படியே நிற்கிறார்.
> உடம்போடு திரும்பி ஆச்சியைப் பார்க்கிறார். வயிறு உள்ளே போகிறது.
> மறுபடி டின்னை நோக்கித் திரும்புகிறார். வயிறு வெளியே வருகிறது.
> இரண்டாம் கட்டின் நிலைவாசலில் சிறுவன் தோன்றி, ஆச்சியை நோக்கி வாய் திறக்கிறான்.
> கார்டு: ‘ஆச்சி, சமையக்காரக கூப்புடுறாக!’
> சிறுவனின் வாய் மூடுகிறது. ஆச்சி நோட்டை மூடி எழுகிறார்.
> ஆச்சி எழும் அதே வேகத்தில் மாமா தூணின் பின்னே அமர்கிறார்.

கார்டில் இருப்பது, பார்ப்பவரால் உடம்பிலிருந்து எந்த வகையிலும் அறிய முடியாத ஒரே செய்திதான்: ஆச்சியை அழைப்பது யார் என்பது. மற்ற அனைத்தையும் உடம்பே சொல்லிவிடுகிறது.

பழைய ரசிகர்

நல்ல முயற்சி, தம்பி. நம் காரைக்குடி ஸ்டூடியோவில் அந்தக் காலத்தில் எடுத்த ஊமைப்படங்களும் இப்படித்தான் இருந்திருக்கும். அக்காலக் கேமராக்களால் மெதுவாகத்தான் படம் பிடிக்க முடிந்தது என்பதால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவதுபோல் தெரிந்தார்கள். நீங்களும் முழுப் படத்தையும் வேகமாக ஓட்டிவிட்டால் பாதிச் சிரிப்பு தானாக வந்துவிடும்.

பள்ளத்தூர் எடிட்டர்

ஐயா சொன்னதில் வேகத்தைப் பற்றிய கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஊரைப் பற்றிச் சொன்னதை மட்டும் திருத்த வேண்டும். ஏ.வி.எம். நிறுவனம் காரைக்குடியில் படம் எடுத்தது 1940களில். ‘நாம் இருவர்’ வந்தது 1947இல். தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதோ 1931இல். ஆகவே அந்த ஸ்டூடியோவில் உருவானவை பேசும் படங்களே. நம் பக்கத்து ஊமைப்படம் என்றால் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ காலத்துக்குப் போக வேண்டும். அதன் பிரதி இன்று கிடைக்கவில்லை. கார்டுகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுதப்பட்டன என்பது தெரியும். அந்நாளில் எழுத்து வாசிக்காதவர்களுக்காகத் திரை ஓரத்தில் ஒருவர் நின்று கதை சொல்லும் வழக்கமும் இருந்தது.

இனி வேகத்துக்கு வருகிறேன். அப்போது கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 சட்டகம் என்ற அளவில் சுற்றியதைப் பின்னாளில் 24 சட்டகம் ஓட்டும் கருவியில் போட்டபோது அசைவு ஒன்றரை மடங்கு வேகமானது. கேமராவால் முடியாமல் போனது இதற்குக் காரணம் இல்லை; நகைச்சுவைக்காரர்கள் துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றச் சொன்னதும் உண்டு. ஆனால் துரத்தலுக்குப் பொருந்தும் வேகம் தயக்கத்துக்குப் பொருந்தாது. காரைக்குடிக்காரர் எழுதியுள்ள மூன்று பார்வைகளை ஒன்றரை மடங்கில் ஓட்டினால் மாமாவுக்குக் கழுத்து வலிப்பதாகத்தான் தோன்றும். சிரிப்பு பார்வையில் இல்லை; இரண்டு பார்வைகளுக்கு நடுவே அவர் அசையாமல் நிற்கும் இடைவெளியில்தான் இருக்கிறது.

நான் செய்துகொடுத்த ஒரு குறும்படத்தில் கடைசி நேரத்தில் யாரோ முழு டைம்லைனின் வேகத்தையும் 130 சதவீதமாக்கிவிட்டார்கள். ஓட்டம் அழகாக வந்தது. ஆனால் நான்கு நொடி நின்ற கார்டு மூன்று நொடியாகச் சுருங்கியது. வரிசையில் இருந்த பெரியவர்கள் வாசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிட, பக்கத்தில் இருப்பவரை ‘என்ன போட்டான்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி எழுந்தால் கார்டு குறைந்த நேரம் நின்றிருக்கிறது என்று அறியலாம். ஓடும் துண்டுகளை மட்டும் தனியாகப் பிரித்து வேகப்படுத்துங்கள், கார்டுகளைத் தொடாதீர்கள்.

தேவகோட்டை ஆசிரியை

வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் மேடையிலேயே இதைச் செய்தோம். திரை கிடையாது, இரண்டு மாணவர்கள் அட்டையைத் தூக்கிப் பிடித்து ஓரமாக நிற்பார்கள். உங்கள் கேள்வி அட்டையை மேடையில் எங்கே வைப்பது என்பதுதானே? வலப்பக்கம் வைத்தபோது எல்லோரும் அட்டையைப் பார்த்து, நடிப்பவரைத் தவறவிட்டார்கள். அதனால் நடிப்பவர்கள் சிலைபோல் நின்றுவிட, அட்டை நடுவே வந்து, அது விலகிய பின்பே அசைவு தொடரும்படி மாற்றினோம்.

எங்கள் குழந்தைகள் மிகவும் ரசித்தது ‘டமார்!’ என்ற அட்டையைத்தான். ஓசையையும் எழுத்தில் போடலாம் என்பது என் அனுபவம்.

காரைக்குடிக்காரர்

அம்மா, நான் கேட்டது காட்சிகளின் வரிசையில் கார்டு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைத்தான். ஆனாலும் சிலையாக நிற்பது எங்களுக்கும் உதவுகிறது. சிறுவனின் திறந்த வாயில் வெட்டி, கார்டு காட்டி, மூடும் வாயில் திரும்பியபோது, அவன் கார்டு வரும் முன் எந்த நிலையில் இருந்தானோ அதே நிலையில் தொடர வேண்டியிருந்தது. எடுக்கும்போது இடையில் நிறுத்தாமல் முழு வாக்கியத்தையும் அவனைச் சொல்லவைத்து, எடிட்டிங்கில் நடுப்பகுதியை எடுத்துவிட்டு அங்கே கார்டை வைத்தோம்.

ஓசையைப் பற்றி நான் வேறு முடிவுக்கு வந்தேன். கதையின் உச்சம் அடுக்கு சரிவதுதான். உண்மையில் அந்த வளவில் எவர்சில்வர் விழுந்தால் தெருக்கோடி வரை கேட்கும். படத்திலோ ஒன்றும் கேட்காது. எனவே அடுக்கு விழுவதைக் காட்டவே இல்லை. மாமாவின் விரல் டின்னைத் தொடுகிறது; உச்சி ஆடுகிறது; அவர் இரண்டு கைகளையும் விரித்து அடுக்கைக் கட்டிக்கொள்கிறார். அங்கே வெட்டிவிட்டு, மாடக் கைப்பிடியில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறப்பதையும், திண்ணையில் தூங்கிய ஐயா எழுந்து செருப்பைத் தேடுவதையும், கடைசியாக இரண்டாம் கட்டின் நிலைவாசலில் கரண்டியோடு நிற்கும் ஆச்சியையும் காட்டினோம். ஓசை இல்லாமலே எல்லோரும் ‘அய்யய்யோ’ என்றார்கள்.

பள்ளத்தூர் எடிட்டர்

அதுவே முறை. பஸ்டர் கீட்டன் ஒரு நேர்காணலில், சராசரிப் படம் ஒன்றில் 240 கார்டுகள் வரை இருந்தன, தான் மிக அதிகமாகப் பயன்படுத்தியது 56 என்று கூறியிருக்கிறார். அவை முழுநீளப் படங்கள். உங்கள் ஆறு நிமிடத்துக்கு ஐந்தாறு கார்டுகளுக்கு மேல் போனால் எழுதியவர் நடிகரை நம்பவில்லை என்று பொருள்.

நேரத்தைச் சொற்களை எண்ணிக் கணக்கிட வேண்டாம். தமிழில் ‘கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்’ என்பது ஒரே சொல். கண்ணுக்கோ அது மூன்று சொல்லின் வேலை. வீட்டில் மெதுவாக வாசிக்கும் ஒருவரை அழைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, அவர் முடித்த பின் ஒரு மூச்சு கூட்டிக்கொள்ளுங்கள். அந்த வகையில் ‘கூப்புடுறாக’ என்று நீங்கள் பேச்சு வழக்கில் எழுதியது அளவாலும் நல்லது. பெரிய சிரிப்புக்கு அடுத்தபடியாகக் கார்டை வைக்காதீர்கள். ஊமைப்படத்தில் சிரிப்பு வசனத்தை மூழ்கடிக்காது என்று நினைக்கிறோம். ஆனால் சிரிப்பவர்கள் கண்ணை மூடி, பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்கிறார்கள், கார்டு போய்விடுகிறது.

ஆத்தங்குடியிலிருந்து

நான் எழுதுபவன் அல்லன். இத்தகைய ஒரு படத்தில் திருடனாக நடித்தவன். மிகையாக நடி என்றதும் புருவத்தையும் உதட்டையும் சுளித்தேன். இயக்குநர் என் முகத்தைத் துண்டால் மூடி, அதே காட்சியை மறுபடி செய்யச் சொல்லி, தாம் முகப்பில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் வீடு அது. அவ்வளவு தொலைவிலிருந்து, முகம் தெரியாமல், நான் பயப்படுகிறேனா பசியாக இருக்கிறேனா என்று புரிந்தால்தான் அசைவு சரி என்றார். பயத்துக்குக் குதிகால் முதலில் பின்வாங்கும், பசிக்கு வயிறு முதலில் முன்னே போகும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

ஒளியையும் கவனியுங்கள். உச்சி வெயிலில் வளவின் நடுப்பகுதி வெளுத்து, தூண் மறைவில் இருப்பவர் கறுத்துப்போவார். எங்கள் தூண் மறைவுக் காட்சிகள் முழுவதையும் வெயில் உள்ளே இறங்காத காலை நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

தேவகோட்டை ஆசிரியை

புறாவும் ஐயாவும் அருமை. மேடையில் எனக்குப் புறா கிடைக்காது. ‘டமார்’ அட்டையைச் சிறுவர்கள் சேர்ந்து உரக்க வாசித்தபோது ஓசையை அவர்களே உண்டாக்கினார்கள். அது பாத்திரம் விழுவதைவிடப் பெரிதாக இருந்தது. ஆகவே பார்ப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்து அதற்கும் இடம் உண்டு என்றே நினைக்கிறேன்.

பள்ளத்தூர் எடிட்டர்

திரையில் நான் அதை ஏற்க மாட்டேன், அம்மா. மேடையில் எனக்கு அனுபவம் இல்லை. காரைக்குடிக்காரரே, கரண்டியோடு நிற்கும் ஆச்சிக்குப் பிறகு கார்டு ஏதும் வைத்தீர்களா?

காரைக்குடிக்காரர்

எழுத்தில் ஒன்று இருந்தது, ஐயா: ‘தேன்குழல் எங்கே?’ படமாக்கியபோது ஆச்சியாக நடித்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து, பென்சிலால் ஒரு வரியை நிதானமாக அடித்துவிட்டு மாமாவைப் பார்த்தார். அதன் பிறகு கார்டை எடுத்துவிட்டேன். பெண்ணின் அப்பத்தா மட்டும் ‘ஆச்சி என்ன சொன்னாக என்று எழுதியிருக்கலாமே’ என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.